வாய் நாற்றம்: வயிற்றைப் பழிக்கும் முன்

காலையும் இரவும் ஒழுங்காகப் பல் துலக்குகிறார். ஆனாலும் நெருங்கி வந்து பேசினால் எதிரில் இருப்பவர் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்படி ஒருவர் இருந்தால் நம் ஊரில் பழி நேராக வயிற்றின் மேல்தான் விழும். அல்சராக இருக்கும், அஜீரணமாக இருக்கும், ஒரு தரம் பேதிக்குச் சாப்பிடு என்பார்கள். எண்டோஸ்கோப்பி வரை போய்விட்டு, அதில் ஒன்றும் இல்லை என்றான பிறகு பல் மருத்துவரிடம் வருபவர்கள் உண்டு. உணவுக்குழாயின் மேல்முனை, விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் திறக்கும். மற்ற நேரமெல்லாம் மூடியே கிடக்கும். வயிற்றிலிருந்து நாற்றம் மூச்சோடு ஏறிவர அங்கே திறந்த பாதை இல்லை. விடாமல் தொடரும் வாய் நாற்றத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்கு அது பிறக்கும் இடம் வாயேதான்.

நாற்றத்தை உண்டாக்குபவை காற்றுப்படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள். உணவுத் துணுக்கு, உதிர்ந்த தோல் செல்கள், சளி, ஈறிலிருந்து கசியும் ரத்தம் என்று புரதம் எங்கே கிடைத்தாலும் இவை அதைச் சிதைக்கும். அப்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியாகும். அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டையின் வாடை இதுதான். மற்றொன்று மெத்தில் மெர்காப்டன், இது அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். ஈறு நோய் உள்ளவர்கள் வாயில் இந்த இரண்டாவது வாயு கூடுதலாக இருக்கும். பிரஷ் போய்த் தேய்ப்பது பல்லின் வெளிப்பரப்பை. பாக்டீரியாக்கள் பதுங்குவதோ பிரஷ் எட்டாத இடங்களில்.

ஒரு கதையாக வைத்துப் பார்க்கலாம். இவர் கற்பனை ஆள்தான், ஆனால் பல் மருத்துவர்களுக்குப் பழகிய கதை. ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் 48 வயதுப் பெண். காலை பத்து மணியிலிருந்து இரவு வரை வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக விட மாட்டார்கள் என்பதால் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. தூசியில் தும்மல் வருகிறதென்று தினமும் இரவு ஒரு செட்டிரிசின் போட்டுக்கொள்கிறார். கீழ்க் கடைவாய்ப் பக்கம் துலக்கினால் ரத்தம் வருவதால் அந்த இடத்தை மட்டும் பட்டும் படாமல் விட்டுவிடுகிறார். கூச்சத்தில் வாயை மூடியபடி பேசுகிறார், கிராம்பும் ஏலக்காயும் மென்று சமாளிக்கிறார்.

மருத்துவர் முதலில் மூக்கைத்தான் நம்புகிறார். வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடச் சொல்கிறார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக விடச் சொல்கிறார். நாற்றம் வாய் வழியில் மட்டும் இருந்தால் காரணம் வாயிலோ தொண்டையிலோ இருக்கிறது. மூக்கு வழியில் மட்டும் என்றால் சைனஸைப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாறினால், பாசியோ பருப்போ உள்ளே திணித்திருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. இரண்டு வழியிலும் நாறினால்தான் ரத்தம், நுரையீரல், கல்லீரல், சர்க்கரை என்று உள்ளே தேடுவது. பூண்டு இந்தக் கடைசி வகை. அதன் ஒரு வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருவதால்தான் எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் போவதில்லை.

நம் ஜவுளிக்கடைக்காரருக்கு வாய் வழியில் மட்டும்தான். அடுத்து மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனால் நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து எடுத்து, சில விநாடி கழித்து முகர்கிறார். மஞ்சள் படிவு, கடுமையான வாடை. நாக்கின் நுனி ஓயாமல் பல்லிலும் அண்ணத்திலும் உரசித் தானாகவே சுத்தமாகிவிடும். பின்பகுதி அப்படியல்ல. அங்கே கரடுமுரடான பள்ளங்களும், மூக்கின் பின்னாலிருந்து இறங்கும் சளியும் சேர்ந்து கெட்டியாகப் படிகின்றன. நாக்கு வழிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டுதான். ஆனால் பலர் ஓங்கரித்து ஊரைக் கூட்டுவார்களே தவிர, வழிப்பது முன்பாதியை மட்டும். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி, பின்னாலிருந்து முன்னால் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் போதும். ரத்தம் வரும்வரை சுரண்டினால் புண்தான் மிஞ்சும்.

மருத்துவர் அடுத்து ஈறுக்கு வருகிறார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்குகிறார். நல்ல ஈறில் அது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. இவருக்குக் கீழ்க் கடைவாயில் ஆறு இறங்குகிறது. ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து ஒரு பை போலாகிவிட்டது, உள்ளே வேரின் மேல் காரை படிந்திருக்கிறது. அந்த ஆழத்துக்கு எந்த பிரஷும் போகாது, மவுத்வாஷும் போகாது. வலி அநேகமாக இருக்காது என்பதால் இது வருடக்கணக்கில் வளரும். ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் துலக்காமல் விட்டதில் காரை இன்னும் கூடியது. ரத்தம் வருவது கையை எடுக்கச் சொல்லும் அறிகுறி இல்லை. மெதுவான பிரஷால் அங்கேதான் கூடுதலாகத் துலக்க வேண்டும். வீட்டில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடைவாய்ப் பற்களின் இடுக்கில் பல் நூலை விட்டு எடுத்து முகர்ந்து பார்ப்பது. ஓரிடத்து நூல் மட்டும் நாறினாலோ சிவந்தாலோ அங்கே ஈறையோ சொத்தையையோ பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது உமிழ்நீர். ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறும் இந்த நீர் துணுக்குகளைக் கழுவி இறக்குகிறது, பாக்டீரியாவுக்குப் பிடிக்காத பிராணவாயுவையும் கொண்டுவருகிறது. தூங்கும்போது ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடும். எல்லோருக்கும் காலையில் வாய் நாறுவது அதனால்தான். வாயைத் திறந்தபடி தூங்குபவருக்கு இன்னும் அதிகம். நம் பெண்ணுக்கு இந்த வறட்சி பகலிலும் தொடர்கிறது. தண்ணீர் குறைவு, ஓயாத பேச்சு, இவற்றோடு செட்டிரிசின். அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், நீர் பிரியக் கொடுக்கும் பிரஷர் மாத்திரைகள் எல்லாம் வாயை உலர்த்தக்கூடியவை. சோற்றையும் சப்பாத்தியையும் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை, இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று எழுதிக்கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் வாயை உலர்த்தும், ஈறு நோயையும் கூட்டும். அதனால் இந்த வயதில் ஒரு ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள்.

இவருக்கு ஈறு பைகளை வேர்வரை சுத்தம் செய்ய இரண்டு மூன்று அமர்வுகள் ஆகும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் பரவலானது. ஆடும் பல்லைக் காரைதான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தது, அது போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். ஆறு நான்காகியிருந்தால் நல்ல முன்னேற்றம். குறையவே இல்லையென்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய நேரலாம். இடையில் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக்கொடுத்தால் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதிக நாள் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கு ருசி மாறும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் உமிழ்நீர் ஊறும். கிராம்பு வாடையை மறைக்கத்தான் செய்யும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இவரைப் போல வாய் உலர்ந்தவருக்கு எரிச்சலைத்தான் கூட்டும்.

வாயே நாறாமல், நாறுகிறது என்று உறுதியாக நம்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். தன் மூச்சின் வாடைக்கு மூக்கு பழகிவிடுவதால் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து எதையும் முடிவு செய்ய முடியாது. எதிரில் ஒருவர் மூக்கைத் தேய்த்தாலே தன்னால்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் நம்பகமான ஒருவரை வெவ்வேறு நாட்களில் முகர்ந்து பார்க்கச் சொல்வது நல்லது. அவரும் மருத்துவரும் இல்லை என்று சொல்லியும் மனம் ஒப்பவில்லை, வேலைக்குப் போவதே சிரமமாகிறது என்றால், பல் மருத்துவரே மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்.