கத்தரிப்பூ நிற வரிகளும் நள்ளிரவு எச்சிலும்

தையல் மிஷினை விட்டு எழும்போதெல்லாம் மேசையில் கையூன்றித்தான் அவர் எழுந்தார். வயது 36. ஒன்றரை வருடத்தில் 14 கிலோ கூடியிருந்தது. கூடிய சதையெல்லாம் முகத்திலும் வயிற்றிலும் பிடரியிலும் போய்ச் சேர, கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தன. அடிவயிற்றின் இருபுறமும் விரல் அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் வரிகள். “ரெண்டு பிள்ளை பெத்த வயிறு, கோடு விழாம என்ன செய்யும்?” என்றார் மாமியார். ஆனால் கடைசிப் பிரசவம் நடந்து 9 வருடம் ஆகியிருந்தது. வரிகளோ போன தீபாவளிக்குப் பிறகு வந்தவை.

இந்தத் தையல்காரர் ஒரு தனி ஆள் அல்ல. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களிடம் வரும் பலரின் கதையிலிருந்து சேர்த்துப் பின்னிய எடுத்துக்காட்டு.

பிரசவ வரிகளும் திடீரெனப் பருத்தவர்களுக்கு வரும் வரிகளும் முதலில் செம்மை பூத்து, மெல்ல வெளிறி, வெள்ளிக்கம்பி போல ஆகிவிடும். கார்டிசால் மிகையால் வரும் வரி வேறு மாதிரி. அந்த ஹார்மோன் அளவுக்கு மேல் சுரந்தால் தோலுக்குப் பலம் தரும் கொலாஜன் கரைகிறது. தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, அடியில் ஓடும் ரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் ஊதா நிறமும் சேர்ந்திருந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். லேசாக இடித்துக்கொண்டதற்கே ரத்தம் கன்றிப்போவது, குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாமல் தொடைத்தசை தளர்வது, முகம் எப்போதும் சிவந்திருப்பது ஆகியவற்றையும் அவர் தேடுவார். வெறும் எடைக்கூடுதல் எத்தனையோ பேருக்கு உண்டு. அதை மட்டும் வைத்து எல்லோரையும் சோதிக்கப் புறப்பட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் இப்படியொரு பெண்ணைப் பற்றி எழுதினார். மருத்துவ நூல்கள் மின்னி ஜி. என்று குறிப்பிடும் அவருக்கு அப்போது வயது 23. நோய் இன்றும் குஷிங்கின் பெயரைத்தான் சுமக்கிறது. அவர் உடம்பைப் பார்த்துச் சந்தேகித்தார். கார்டிசாலை அளக்க அவரிடம் வழி இல்லை. இன்று வழி இருக்கிறது, ஆனால் அளப்பது தோன்றுகிற அளவுக்கு எளிதல்ல.

அளப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” இந்த உடல் மாற்றங்களுக்கு மிகப் பொதுவான காரணம் உடம்புக்குள் இல்லை, மருந்துப் பெட்டியில் இருக்கிறது. ஆஸ்துமாவுக்குத் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவது, மூட்டில் போட்ட ஊசி, முகம் வெளுக்கத் தடவும் களிம்பு, மூட்டுவலிக்கென்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடியில் ரகசியமாகக் கலந்திருக்கும் ஸ்டீராய்டு என எதுவானாலும் இதே வரிகள் வரும். அப்படிப்பட்டவருக்குச் சோதனை செய்தால் சொந்தக் கார்டிசால் மிகவும் குறைவாக இருக்கும், இல்லையென்றால் மருந்தையே கருவி கார்டிசால் என்று எண்ணிக் குழப்பும். பொடிதான் காரணம் என்று தெரிந்ததும் பட்டென நிறுத்தவும் கூடாது. தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே விழிக்காது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.

நம் தையல்காரர் மாதவிடாயை ஒழுங்குபடுத்த ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த விவரம் பிறகு வேலை காட்டும்.

காலையில் ரத்தம் எடுத்து கார்டிசால் பார்த்தால் போதாதா? போதாது. கார்டிசால் விடியற்காலையில் ஏறும், பகலில் இறங்கும், நள்ளிரவில் தரையைத் தொடும். காலையில் 10 மைக்ரோகிராம் இருந்தாலும் சரி, 20 இருந்தாலும் சரி, இரண்டும் இயல்புதான். நோயாளியின் காலை அளவும் அதே எல்லைக்குள் இருக்கலாம். அவரிடம் கெட்டுப்போவது இரண்டு: நிறுத்தச் சொன்னால் நிற்கும் பழக்கமும் இரவில் இறங்கும் பழக்கமும். சோதனைகள் இந்த இரண்டையும்தான் பிடிக்கின்றன.

முதலாவதுக்கு மாடித் தண்ணீர்த் தொட்டி நல்ல உவமை. தொட்டி நிறைந்ததும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்துகிறது. மிதவை வேலை செய்கிறதா என்று பார்க்க எலெக்ட்ரீஷியன் தொட்டி நிறையும்வரை காத்திருப்பதில்லை. கையால் மிதவையைத் தூக்கிப் பார்க்கிறார். டெக்ஸாமெத்தசோன் அந்தக் கை. கார்டிசாலைப் போலவே நடிக்கும், ஆனால் அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள செயற்கை ஸ்டீராய்டு அது. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அதைக் கண்டதும் ‘போதும்’ என்று எண்ணி, அட்ரினலுக்குக் கட்டளை தரும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை நிறுத்திவிடும். காலையில் கார்டிசால் அடியில் கிடக்கும். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: ஆய்வகக் கருவி டெக்ஸாமெத்தசோனைக் கார்டிசாலாக எண்ணாது. ஆகவே காலையில் காணப்படுவது அட்ரினல் தானே சுரந்தது மட்டும். கட்டி பிட்யூட்டரியில் இருந்தாலும் அட்ரினலில் இருந்தாலும் மிதவையைத் தூக்கிய பிறகும் மோட்டார் ஓடும்.

அமெரிக்க மருத்துவர் கிராண்ட் லிடில் 1960இல் இந்த அடக்கிப் பார்க்கும் சோதனையை வகுத்தார். அது சில நாள் நடக்கும் சோதனை. இன்று வழக்கத்தில் இருப்பது ஒரே இரவில் முடியும் சுருக்க வடிவம்: இரவு 11 முதல் 12 மணிக்குள் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், மறுநாள் காலை 8 முதல் 9 மணிக்குள் ரத்தம். அரை மில்லிகிராம் மாத்திரைதான் கடையில் கிடைத்தது என்றால் இரண்டு போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வந்தால் முடிவு பிழையாகும். காலை அளவு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. முன்பு இந்த வரம்பு 5 ஆக இருந்தது. சில நோயாளிகளை அது தவறவிட்டதால் வலையின் கண்ணைச் சிறிதாக்கினார்கள். விளைவாக, நோயில்லாதவர்களும் இப்போது அதிகம் சிக்குகிறார்கள்.

தையல்காரருக்கு வந்த எண் 11.2. அடங்கவே இல்லை. ஆனாலும் மருத்துவர் முடிவு சொல்லவில்லை. காரணம் அந்த ஹார்மோன் மாத்திரை. அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தை ஈரலில் பெருகச் செய்கிறது. ரத்தச் சோதனை, புரதத்தோடு ஒட்டியதையும் தனித்திருப்பதையும் சேர்த்தே எண்ணுகிறது. எண் ஏறுவது நோயால் அல்ல, வண்டிகள் கூடியதால் இருக்கலாம். வலிப்புக்குத் தரும் ஃபினிடோயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை வேறு விதமாகக் கெடுக்கும்: டெக்ஸாமெத்தசோனையே ஈரல் வேகமாகத் தீர்த்துவிடும், மிதவையைத் தூக்கிய கை விடிவதற்குள் நழுவிவிடும். சந்தேகம் வந்தால் அதே ரத்தத்தில் டெக்ஸாமெத்தசோன் அளவையும் பார்க்கலாம்.

மருத்துவர் இரண்டு சிறு குழாய்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சுச் சுருள்.

எச்சிலில் வந்து சேர்வது புரதத்தோடு ஒட்டாத, தனித்த கார்டிசால் மட்டுமே. அதனால் ஈஸ்ட்ரோஜனின் குழப்பம் இங்கே எட்டாது. நேரமும் முக்கியம்: படுக்கும் வேளை, 11 முதல் 12 மணி, கார்டிசால் தரையில் கிடக்க வேண்டிய பொழுது. அப்போதும் அது உயரத்தில் நின்றால் அதுவே சாட்சி. சாப்பாடு முடிந்து அரை மணியாவது ஆக வேண்டும், அதற்குள் பல் துலக்கக் கூடாது. துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால் எச்சிலில் ரத்தக் கார்டிசால் கலந்து அளவு ஏறிவிடும். பஞ்சை ஓரிரு நிமிடம் வாயில் குதப்பி, ஊறியதும் கையால் தொடாமல் குழாய்க்குள் துப்பி மூட வேண்டும். சாதாரண அறையிலேயே சில நாள் கெடாமல் இருக்கும். காலையில் ஆய்வகத்தில் கொடுத்தால் போதும். ஊசி இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கையும் இல்லை. நள்ளிரவு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் நோயாளியை அட்மிட் செய்ய வேண்டும், குத்தும் பயத்திலேயே கார்டிசால் ஏறவும் கூடும்.

ஆனால் இதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. இரவுப் பணி செய்யும் நர்ஸுக்கோ காவலாளிக்கோ உடம்பின் கடிகாரமே புரண்டிருக்கும். புகையிலை மெல்பவருக்கும் புகைப்பவருக்கும் பொய்யாக உயரலாம். சிறுகுழந்தைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவிய விரலோடு பஞ்சைத் தொட்டால், விரலிலிருப்பதும் குழாய்க்குள் போய்விடும்.

தையல்காரருக்கு அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 0.15. முதல் இரவு 0.41, இரண்டாம் இரவு 0.37. ஒரே இரவோடு நிறுத்தாததற்குக் காரணம் உண்டு: மாமியாரோடு சண்டை, காய்ச்சல், தூக்கமில்லாத இரவு என எதுவும் ஒருநாள் கணக்கை ஏற்றிவிடும். சிலருக்கோ நோயே விட்டுவிட்டுச் சுரப்பதால் சாதாரண வாரத்தில் எடுத்த சோதனை இயல்பாக வந்து ஏமாற்றும். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி 6 வாரம் கழித்து மீண்டும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது 8.6. இப்போது மூன்று சாட்சிகளும் ஒரே பக்கம்.

அதே வாரம் வந்த இன்னொரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். எடை, முகப்பரு, ஒழுங்கற்ற மாதவிடாய், அதே ஹார்மோன் மாத்திரை. முதல் சோதனையில் 5.4. வரிகள் உண்டு, ஆனால் மெல்லியவை, வெளிர் நிறம். குத்தவைத்துச் சட்டென எழுகிறார். எச்சில் இரண்டு இரவும் 0.06, 0.05. மாத்திரையை நிறுத்திய 6 வாரத்தில் 1.1. அவருக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. 5.4ஐப் பார்த்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் தலைவலி தொடங்கியிருக்கும்: பிட்யூட்டரியில் தீங்கில்லாத சிறு கட்டி சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. நோயை உறுதிசெய்யாமல் படம் எடுத்தால் குற்றமில்லாதவரைக் கூண்டில் ஏற்றுவது போலாகிவிடும்.

தையல்காரருக்குப் படம் எடுக்கும் முன் ஏ.சி.டி.எச். பார்த்தார்கள். அது அடங்கவில்லை, ஆகவே அட்ரினல் தானாக ஓடவில்லை, மேலிருந்து கட்டளை வருகிறது. அதன் பிறகே எம்.ஆர்.ஐ.; 11 மில்லிமீட்டர் கட்டி பிட்யூட்டரியில் தெரிந்தது. மூக்கு வழியாக அறுவை நடந்தது. இத்தனை நாள் வேலையின்றிக் கிடந்த மற்ற செல்கள் விழிக்கும்வரை பல மாதம் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தேவைப்பட்டது. வரிகள் மறையவில்லை, ஆனால் ஊதா வெளிறிப் பழைய பிரசவ வரிகளின் நிறத்துக்கு வந்தன. கட்டி திரும்பி வந்தால் பெரும்பாலும் முதலில் நிலைகுலைவது இரவு எச்சில் அளவுதான் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சிறு குழாய் அவர் தலைமாட்டில் வந்து உட்காருகிறது. பேரன் பேத்திகளை அன்றிரவு மட்டும் சீக்கிரம் தூங்கவைத்துவிடுகிறார் மாமியார்.