ஈரல் இறுகியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்

ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோயை வைத்தியர்கள் 'சிரோசிஸ்' என்பர். கசிப்பு, சாராயம் ஆகியவற்றால் மட்டும் இது வருவதில்லை. ஒருநாளும் மது தொடாத, நீரிழிவும் ஈரற்கொழுப்பும் உள்ளவர்களுக்கும் வருகின்றது. குடியை விட்டபின்பு ஈரல் ஓரளவு தேறினாலும் தழும்பு முற்றாக மறைவதில்லை. அந்தத் தழும்பேறிய ஈரலில்தான் புற்றுநோய் பெரும்பாலும் முளைக்கின்றது.

தொடக்கத்தில் அது நோவதில்லை. வயிறு வீங்கி, உடல் மெலிந்து, வலி தோன்றும்போது கட்டி பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே சுகமாயிருக்கும்போதே தேட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் செய்து, 'ஏ.எவ்.பி.' என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். கட்டி பல மாதங்களில் இருமடங்காக வளர்வதாலேயே ஆறு மாதம் என்று தவணை வைத்தார்கள். ஒரு வருடம் விட்டால், சிறிதாயிருக்கும் காலம் கடந்துவிடக்கூடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஈரல் இறுகிய ஒரு விவசாயியின் ஸ்கேனில் 9 மில்லிமீற்றர் அளவில் ஒரு முடிச்சுத் தெரிகின்றது. இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த முடிச்சு இன்னதென்று சொல்வது கடினம். ஆகவே மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்கிறார்கள். அப்போது அது 12 மில்லிமீற்றர். இனிக் காத்திருக்க முடியாது. ஊசிமூலம் மருந்தேற்றி சீ.ரி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மருந்து கட்டியில் முதலில் பளிச்சென ஏறிப் பின் விரைவாக வடிந்தால் அது புற்றுநோய். இந்த அளவில், ஈரலின் நிலையைப் பொறுத்து, வெட்டி அகற்றலாம், அல்லது ஊசியால் சூடேற்றிக் கருக்கலாம். கட்டி ஈரலின் பெரிய இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் இந்த வழிகள் பெரும்பாலும் அடைபடும்.

இவ்விவசாயியின் இரத்தம் கடைசிவரை சரியாகவே இருந்ததைக் கவனியுங்கள். சிறு கட்டிகள் பலவற்றில் ஏ.எவ்.பி. ஏறுவதில்லை. புற்றுநோய் இல்லாமல் ஈரல் அழற்சியாலும் அது ஏறலாம். ஆகவே 'இரத்தம் நல்லது' என்று ஸ்கேனை விடக்கூடாது. ஸ்கேனும் தவறலாம், பருத்த வயிற்றிலும் கொழுப்பேறிய ஈரலிலும் சிறு கட்டி மறைந்துவிடும். படம் தெளிவில்லை என்று அறிக்கை சொன்னால், வேறு ஸ்கேன் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புதிய ஊரின் வைத்தியருக்கு 12 மில்லிமீற்றர் என்பது வெறும் அளவு. முன்பு 9 ஆக இருந்ததென்று தெரிந்தால்தான் அது வளர்கின்றது என்று விளங்கும். எனவே கிளினிக் கொப்பியையும் பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் அடையாள அட்டையுடன் ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். அடுத்த தவணைத் திகதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஊர் மாறினாலும் அந்தத் திகதி மாறக்கூடாது. புதிய இடத்து ஆஸ்பத்திரியில் அந்தப் பையைக் கொடுத்து, 'எனக்குச் சிரோசிஸ், ஸ்கேன் தவணை இது' என்று சொல்லுங்கள்.