435.6 எங்கிருந்து வந்தது?

மனை வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு 435.6 என்ற எண் மனப்பாடம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆனால் பேரம் பேசும் நேரத்தில் சதுர அடியை அந்த எண்ணால் வகுக்க வேண்டுமா, பெருக்க வேண்டுமா என்று தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் வராது.

1620-ஆம் ஆண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க ஓர் இரும்புச் சங்கிலியை வடிவமைத்தார். அதன் நீளம் 66 அடி. கிரிக்கெட் ஆடுகளத்தில் இரு ஸ்டம்புகளுக்கு இடையே இருக்கும் 22 கெஜமும் அதே நீளம்தான். சங்கிலியை அவர் 100 கண்ணிகளாகப் பிரித்தார். 66 அடி என்பது பார்க்க ஏறுமாறான நீளமாகத் தோன்றும். அவர் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரத்தை எடுத்துக்கொண்டால், அப்படிப் பத்துச் சதுரங்கள் சேர்ந்தது மிகச் சரியாக ஓர் ஏக்கர். ஏக்கரை நூறாகப் பங்கிட்டால் கிடைப்பது சென்ட். ஆகவே ஒரு சதுரச் சங்கிலியில் பத்து சென்ட் இருக்கிறது.

இப்போது 66-ஐ 66-ஆல் பெருக்குங்கள். 4,356 வரும். ஒரு சதுரச் சங்கிலி 4,356 சதுர அடி. அதில் பத்தில் ஒரு பங்கு 435.6. மனப்பாடம் செய்த எண் மறந்துபோனாலும் 66 நினைவில் இருந்தால் போதும், காகிதத்தில் ஒரே நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிடலாம். பிரிட்டிஷார் காலத்து நில அளவை இந்தச் சங்கிலியால்தான் நடந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்றும் சென்ட் கணக்கில் நிலம் பேசப்படுவது அதன் தொடர்ச்சி.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். விற்பனைக்கு வந்த ஒரு மனை. வடக்குப் பக்கம் 42 அடி, தெற்கு 40 அடி, கிழக்கு 65 அடி, மேற்கு 63 அடி. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து 41 × 64 = 2,624 சதுர அடி என்று சொல்லிவிடுவது ஊர் வழக்கம். இதைச் சென்ட்டாக மாற்ற, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதிக்கொண்டே போக வேண்டும்:

```
2,624 ச.அடி × (1 ச.சங்கிலி ÷ 4,356 ச.அடி) × (10 சென்ட் ÷ 1 ச.சங்கிலி)
= 6.02 சென்ட்
```

மேலே ஒரு சதுர அடி, கீழே ஒரு சதுர அடி. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. சதுரச் சங்கிலியும் அப்படியே. கடைசியில் சென்ட் மட்டும் மிஞ்சுகிறது. யாராவது தவறுதலாக 4,356-ஆல் பெருக்கியிருந்தால் சதுர அடி இரண்டு முறை வந்து நிற்கும், அடிபடாது. விடையைப் பார்ப்பதற்கு முன்பே பிழை தெரிந்துவிடும். அலகை எழுதும் சிரமத்துக்கு இதுவே போதுமான பலன்.

ஆனால் மேலே உள்ள 6.02 சென்ட் சரியான விடையா என்றால், இல்லை. மாற்றிய முறை சரி. மாற்றுவதற்கு எடுத்துக்கொண்ட சதுர அடிதான் தவறு. நான்கு மூலைகளும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே பக்கச் சராசரி சரியான பரப்பைத் தரும். மற்ற எல்லா மனைகளிலும் அது உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. வாங்குகிறவருக்குத்தான் எப்போதும் நஷ்டம்.

இதற்கு சர்வேயர்கள் செய்வது எளிமையானது. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடிக்கிறார்கள். நம் மனையில் அந்த மூலைவிட்டம் 70 அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டிலிருந்து மற்ற இரு மூலைகளுக்கும் செங்குத்தாக அளந்தால் ஒரு பக்கம் 38.2 அடி, மறு பக்கம் 35.7 அடி வருகிறது. இரண்டையும் கூட்டி, 70-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 2,586.5 சதுர அடி. அதாவது 5.94 சென்ட். ‘ஆறு சென்ட்டுக்கு மேல்’ என்று சொல்லப்பட்ட மனை ஆறு சென்ட்டுக்குள் வந்துவிட்டது. சென்ட் நான்கு லட்சம் ரூபாய் என்று பேசியிருந்தால், குறைந்த 37.5 சதுர அடியின் விலை 34,000 ரூபாய்க்கு மேல்.

டேப்பைப் படிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. 40 அடி 6 அங்குலத்தை 40.6 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுகிறார்கள். அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது 40.5.

பட்டாவைக் கையில் எடுத்தால் அலகே மாறிவிடுகிறது. கிராமப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ‘0 - 02.50’ என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டரை சென்ட் என்று பதறுகிறவர்களும் உண்டு, அப்படிச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு. ஓர் ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். இங்கே சங்கிலி ஒரு படி நீள்கிறது:

```
2.50 ஏர் × 100 = 250 ச.மீ
250 ச.மீ × 10.764 = 2,691 ச.அடி
2,691 ச.அடி ÷ 4,356 × 10 = 6.18 சென்ட்
```

நடுவில் வரும் 10.764-ஐக் கவனிக்க வேண்டும். ஒரு மீட்டர் 3.281 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் 250-ஐ 3.281-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அது நீளத்துக்கான எண். பரப்புக்கு அதையே அதனுடன் பெருக்க வேண்டும், 3.281 × 3.281 ஏறத்தாழ 10.76. நீளத்தின் எண்ணைப் பரப்புக்குப் போட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, 1.9 சென்ட் என்று நிற்கும். சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: ஓர் ஏர் 2.47 சென்ட். ஏர் கணக்கை இரண்டரையால் பெருக்கி, கிடைத்த விடைக்குச் சற்றுக் குறைவாக உங்கள் சென்ட் கணக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களை எங்கே சுருக்குவது என்பதும் முக்கியம். சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, 5.5096 சென்ட். சென்ட் நான்கு லட்சம் வீதம் இதன் விலை 22,03,857 ரூபாய். இடையிலேயே ஐந்தரை சென்ட் என்று சுருக்கினால் 22,00,000 ஆகிவிடுகிறது. வாய்க்கணக்குக்கு வசதியாக ஒரு சென்ட்டை 440 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: 21,81,818, அதாவது 22,000 ரூபாய் குறைவு. கடைசி விடை வரும்வரை எந்த எண்ணையும் சுருக்காதீர்கள். சுருக்குவது ரூபாயை எழுதும்போது ஒரே ஒரு முறை இருக்கட்டும்.

பத்திரத்தில் உள்ள சென்ட்டும் பட்டாவில் உள்ள ஏரும் தரையில் அளந்த சதுர அடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் புலப்படத்தோடு வந்து அளக்கச் சொல்லுங்கள். அப்போது நான்கு பக்கங்களோடு நிறுத்த விடாதீர்கள், மூலைவிட்டத்தையும் அளக்க வையுங்கள்.