ஏழரை ரூபாயில் மாட்டிக்கொள்ளும் ஸ்டாப் லாஸ்

நிஃப்டி ஆப்ஷனை ஒன்று, இரண்டு என்று வாங்க முடியாது. லாட் கணக்கில்தான் வாங்க முடியும். 2024 நவம்பரில், ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு 15 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்ற செபியின் விதியால் லாட் 25இலிருந்து 75 ஆனது. பின்னர் 65 ஆகக் குறைந்தது. சிறு முதலீட்டாளரின் ஸ்டாப் லாஸை இந்த எண் எப்படி நெருக்குகிறது என்று பார்ப்போம்.

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. ஒரு வியாபாரத்தில் ஒரு சதவீதம், அதாவது 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நிஃப்டி 25,000இல் இருக்கும்போது, அதே ஸ்ட்ரைக்கின் கால் ஆப்ஷனை 150 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 500ஐ 65ஆல் வகுத்தால் 7.69. விலை ஐந்து பைசா படிகளில்தான் நகரும் என்பதால் ஸ்டாப் 7.65 ரூபாய் தள்ளி நிற்கும்.

இத்தகைய ஆப்ஷன் நிஃப்டியின் நகர்வில் ஏறக்குறைய பாதிதான் நகரும். எனவே நிஃப்டி 15 புள்ளி இறங்கினாலே ஸ்டாப் அடிபடும். ஐந்து நிமிடச் சார்ட்டில் 15 புள்ளி என்பது சந்தையின் சாதாரண மூச்சு. உங்கள் கணிப்பு தவறு என்று காட்டும் இடமோ, முந்தைய இறக்கம் நின்ற 24,940. அங்கே ஸ்டாப் வைத்தால் பிரீமியத்தில் சுமார் 30 ரூபாய், ஒரு லாட்டுக்கு 1,950 ரூபாய். கணக்கில் கிட்டத்தட்ட நான்கு சதவீதம்!

இங்கேதான் பலர் ஸ்டாப்பைச் சார்ட்டிலிருந்து பிய்த்து பணத்தோடு ஒட்டவைக்கிறார்கள். கணிப்பு சரியாக இருந்தும் பணம் போகிறது. ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால் வாங்கி விற்க 40, வரிகள் தனி. அத்தோடு, 2021 செப்டம்பர் முதல் என்எஸ்இயில் ஆப்ஷன்களுக்குச் சந்தை விலை ஸ்டாப் லாஸ் கிடையாது. ட்ரிகருக்குக் கீழே ஒரு விலையையும் குறிக்க வேண்டும். அந்த இடைவெளியும் இழப்பில் சேரும். விலை அதையும் தாண்டிப் பாய்ந்தால் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும்.

இது உங்களுக்கு நடக்கிறதா என்று அறிய, ஸ்டாப் அடிபட்ட பழைய வியாபாரங்களை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு, சார்ட் சொன்ன இடத்தைத் தொடாமலே விலை உங்கள் பக்கம் திரும்பிய சம்பவங்கள் நிறைய இருந்தால், தவறு கணிப்பில் இல்லை, லாட் அளவில் இருக்கிறது.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சார்ட்டில் ஸ்டாப், பிறகு அதை லாட்டால் பெருக்குங்கள். 1,950 ரூபாய் ஒரு சதவீதமாக இருக்க 1,95,000 ரூபாய் வேண்டும். அது இல்லையென்றால் அந்த வியாபாரத்தை விட்டுவிடுங்கள். நிஃப்டி மீதே நம்பிக்கை என்றால், ஒரு யூனிட்டாகக்கூட வாங்கக்கூடிய நிஃப்டி இடிஎஃப் இருக்கிறது. முழு 50,000த்தையும் அதில் போட்டாலும் அதே 60 புள்ளி ஸ்டாப் தருவது, செலவுகள் நீங்கலாக, சுமார் 120 ரூபாய் இழப்புதான்.