பழைய வினாத்தாளும் குறைந்த பாடமும்

2022-ல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து பல பகுதிகள் வெளியேறின. முக்கோணத்தின் பரப்பை ஆயத்தொலைகளால் காண்பது, கூம்பின் இடைக்கண்டம், ஒரு கனவடிவத்தை உருக்கி இன்னொன்றாக்குவது, நிரப்பு கோணங்களின் முக்கோணவியல் விகிதங்கள், வடிவியல் வரைதல் எல்லாம் அவற்றில் சேரும். ஆனால் ஆசிரியர்களின் அலமாரியில் இருக்கும் பழைய வினாத்தாள்கள் அப்படியே இருக்கின்றன. மாதிரித் தேர்வு வைக்க வேண்டும் என்றால் கை முதலில் அவற்றைத்தான் எடுக்கிறது.

நீக்கிய பகுதியின் பெயரைத் தேடி அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் கேள்வியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. "வாளியின் மேல் ஆரம் 28 செ.மீ., அடி ஆரம் 7 செ.மீ." என்று தொடங்கும் கேள்வியில் இடைக்கண்டம் என்ற சொல்லே வராது. அதை எடுத்துவிட்டு, அவசரத்தில் "கோளத்தை உருக்கிக் கம்பியாக்கினால்" என்று ஒன்றைச் செருகுகிறவர்களும் உண்டு. அதுவும் வெளியே போன பகுதிதான். அளவியலுக்கான மதிப்பெண்ணை நிரப்ப வேண்டும் என்றால், உருளையின் அடியில் அரைக்கோளம் பொருந்திய பாத்திரம் போல இரு வடிவங்களைச் சேர்த்த கேள்வி வேண்டும்; அந்தப் பகுதி இன்னும் பாடத்தில் இருக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஆயத்தொலை வடிவியலில் இருக்கிறது. (8, 1), (k, −4), (2, −5) ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமைந்தால் k என்ன? பழைய பாடநூலின் பயிற்சியில் இருந்த கணக்கு இது. முக்கோணத்தின் பரப்பைப் பூச்சியமாக வைத்தால் ஓரிரு வரியில் விடை வந்துவிடும். சூத்திரம் போய்விட்டது, ஆனால் கேள்வி சாகவில்லை. நடுப்புள்ளி கோட்டுத்துண்டை m : n என்று பிரிப்பதாக எடுத்துக்கொண்டு y-ஆயத்தொலையைப் பிரிவுச் சூத்திரத்தில் வைத்தால்,

(−5m + n)/(m + n) = −4

என்று வரும். இதிலிருந்து m : n = 5 : 1. அந்த விகிதத்தை x-க்குப் போட்டால் k = (10 + 8)/6 = 3. விடை அதேதான், ஆனால் மாணவர் நடக்கும் தூரம் கூடிவிட்டது. பழைய விடைக்குறிப்பில் இருந்த இரண்டு மதிப்பெண்ணை இதற்கும் அப்படியே வைத்தால் அநியாயம். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் கேள்வியின் தோற்றத்தை வைத்து எடைபோடாமல், இன்றைய புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விடை எழுதிப் பார்க்க வேண்டும்.

எண்களை மட்டும் மாற்றினால் அது புதுக் கேள்வி ஆகுமா? ஆகாது. பழைய தாளைத் தேய்த்துப் படித்த பிள்ளை வழியை மனப்பாடமாகவே வைத்திருப்பான். கேட்கும் வேலையையே மாற்ற வேண்டும். உதாரணமாக:

"A(2, −3), B(8, 9). கோட்டுத்துண்டு AB-ஐ P(6, 1) என்ற புள்ளி 2 : 1 விகிதத்தில் பிரிக்கிறது என்கிறாள் ஒரு மாணவி. அது சரியா? P-இன் y-ஆயத்தொலை 1 ஆகவே இருக்க வேண்டும் என்றால் சரியான விகிதத்தையும் x-ஆயத்தொலையையும் காண்க."

2 : 1-ல் பிரித்தால் x என்னவோ 6 வருகிறது; ஆனால் y-க்கு (18 − 3)/3 = 5 வருகிறது. x-ஐ மட்டும் பார்த்தவர் ஏமாந்துபோவார். y = 1 என்று வைத்தால் விகிதம் 1 : 2, புள்ளி (4, 1). சூத்திரம் பழையதுதான், மாணவர் செய்யும் வேலை ஒரு கூற்றைச் சோதிப்பது. வாரியம் ஆயத்தொலை வடிவியலுக்கு ஒதுக்கும் 6 மதிப்பெண்ணுக்குள் இது அடங்குகிறது.

மிகையாக வெட்டுவதும் தவறு. பித்தாகரஸ் தேற்றத்தின் நிரூபணம் பத்தாம் வகுப்பிலிருந்து போனது உண்மை. அதனால் வட்ட மையத்திலிருந்து 13 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து, 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு வரையும் தொடுகோட்டின் நீளம் கேட்கக்கூடாது என்று பொருளில்லை. தேற்றத்தைக் கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள், தொடுகோட்டுக் கணக்கில் அதைப் பயன்படுத்தலாம். நிரூபிக்கச் சொல்வதுதான் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் முக்கோணப் பரப்பு, சாய்வு, இடைக்கண்டம் மூன்றும் உண்டு. கடையில் கிடைக்கும் மாநிலப் பாடக் கைடிலிருந்து கேள்வி எடுக்கும் சி.பி.எஸ்.இ. ஆசிரியர், வெளியே போனதைத் தெரியாமலே திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்.

கடைசியாக, பொது அறிவுரைகள் அச்சாகும் முதல் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குவிவு நிகழ்வெண் வளைவை வரையும் கேள்வி போனபிறகும், "வரைபடத்தாள் வழங்கப்படும்" என்ற வரி பல தாள்களில் அங்கேயே தங்கிவிடுகிறது. தேர்வறையில் அதைப் படித்த மாணவர், எந்தக் கேள்விக்கு வரைபடம் போடுவது என்று தாள் முழுதும் தேடிக்கொண்டிருப்பார்.