பங்கு ஒரு நாளில் எவ்வளவு ஆடும்? ஸ்டாப் லாஸ் தூரத்தை அளக்கும் ஏ.டி.ஆர்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. கொரோனா பயத்தில் சந்தை திறந்ததுமே நிஃப்டி சரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இறக்கம் பத்து சதவீதத்தைத் தொட, வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அன்று நிஃப்டி போன உச்சம் சுமார் 8,159. இறங்கிய அடிமட்டம் சுமார் 7,584. இரண்டுக்கும் இடைவெளி 575 புள்ளிகள்.

ஆனால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நிஃப்டி முடிந்தது 8,745-இல். வெள்ளி மாலை பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு சனி, ஞாயிறைக் கழித்தவருக்குத் திங்களன்று விழுந்த அடி 575 அல்ல, 1,161 புள்ளிகள். சந்தை மூடிக்கிடந்த நேரத்தில் நடந்த சரிவு, அன்றைய உச்சத்திலும் அடிமட்டத்திலும் எட்டிப்பார்க்கவே இல்லை.

இந்த ஓட்டையை அடைத்தவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்து கமாடிட்டி வர்த்தகத்துக்கு வந்தவர். இன்று சார்ட் பார்க்கும் எல்லோரும் உச்சரிக்கும் ஆர்.எஸ்.ஐ.யும், ஏ.டி.ஆர். எனப்படும் ஆவரேஜ் ட்ரூ ரேஞ்சும் 1978-இல் வந்த அவருடைய ஒரு புத்தகத்தில் அறிமுகமானவை. கமாடிட்டி சந்தையில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் விலை நகரலாம் என்று வரம்பு உண்டு. காலையிலேயே விலை அந்த வரம்பில் போய் ஒட்டிக்கொண்டால், அன்றைய உச்சமும் அடிமட்டமும் ஒரே எண்ணாகிவிடும். கணக்குப்படி அசைவு பூஜ்யம். உண்மையில் அதுதான் சந்தை மிகவும் ஆடிய நாள். அதனால் வைல்டர் நேற்றைய முடிவு விலையையும் கணக்கில் சேர்த்தார்.

முறை எளிது. இன்றைய உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்று. நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது. நேற்றைய முடிவிலிருந்து இன்றைய அடிமட்டம் எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது. மூன்றில் எது பெரியதோ அதுதான் அன்றைய ட்ரூ ரேஞ்ச். வைல்டர் வழக்கப்படி 14 நாட்களுக்கு அதன் சராசரியை எடுத்தால் ஏ.டி.ஆர்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். நேற்று 505 ரூபாயில் முடிந்தது, அதுவரையிலான ஏ.டி.ஆர். 12 ரூபாய். இரவில் காலாண்டு முடிவு சுமாராக வந்ததால் இன்று இறங்கித் திறந்து, அதிகபட்சம் 496, குறைந்தபட்சம் 486 வரை போய், 488-இல் முடிகிறது. உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே பத்தே ரூபாய்தான். நேற்றைய 505-லிருந்து 486 வரை பார்த்தால் 19 ரூபாய். ஆக, இன்றைய ட்ரூ ரேஞ்ச் 19. புது சராசரிக்குப் பழைய 12-ஐ 13-ஆல் பெருக்கி, 19-ஐக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும்: விடை 12.50. ஒரே ஒரு முரட்டு நாள் சராசரியை ஐம்பது பைசாதான் உயர்த்தியது. நாளுக்கு நாள் அலைபாயாமல் இருப்பது இந்த அளவின் பலம். ஆட்டம் கூடியதைத் தாமதமாகச் சொல்வது அதன் பலவீனம்.

இதைக் கையால் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. சார்ட்டில் இண்டிகேட்டர் பட்டியலில் ATR என்று தட்டினால் கீழே ஒரு கோடு வரும். அந்தக் கோடு ஏறினால் பங்கு ஏறுகிறது என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை விழும்போதும் ஏ.டி.ஆர். ஏறும், பல நேரம் அப்போதுதான் வேகமாக ஏறும்.

இனி ஸ்டாப் லாஸ். நம் பங்கை 488-இல் வாங்கியவர், “ரெண்டு பர்சென்ட் போதும்” என்று 478-இல் ஸ்டாப் வைப்பதுதான் நாட்டு வழக்கம். பத்து ரூபாய் தூரம். ஆனால் இந்தப் பங்கு கெட்ட செய்தி ஏதும் இல்லாமலே நாளொன்றுக்குப் பன்னிரண்டரை ரூபாய் ஆடுகிறது. சாதாரண ஆட்டத்திலேயே ஸ்டாப் அடிபடும். இவர் வெளியே வந்த பிறகு பங்கு ஏறினால், யாரோ தன் ஸ்டாப்பைக் குறிவைத்து அடித்ததாக நண்பர்களிடம் புலம்புவார். அதே இரண்டு சதவீதம், நாளுக்கு ஐந்து ரூபாய் மட்டுமே ஆடும் இன்னொரு பங்குக்குப் போதுமானதாக இருக்கும். சதவீதத்துக்குப் பங்கின் குணம் தெரியாது.

ஏ.டி.ஆரை இரண்டால் பெருக்கி, அவ்வளவு தூரத்தில் ஸ்டாப் வைப்பது பரவலான வழக்கம். நம் பங்குக்கு 25 ரூபாய், ஸ்டாப் 463. சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸ் 1983-இல் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ‘டர்டில்ஸ்’ என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தபோது, 20 நாள் சராசரியில் இதே இரு மடங்கு தூரத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். இரண்டு என்பது வேதவாக்கல்ல. வாரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் மூன்று மடங்கும் வைக்கிறார்கள்.

“இருபத்தைந்து ரூபாய் நஷ்டத்தை எப்படித் தாங்குவது?” என்பது உடனே எழும் கேள்வி. பதில் ஸ்டாப்பில் இல்லை, வாங்கும் எண்ணிக்கையில் இருக்கிறது. கையில் 2 லட்சம் ரூபாய். ஒரு பேரத்தில் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாரில்லை என்று வைத்துக்கொள்வோம். 2,000-ஐ 25-ஆல் வகுத்தால் 80 பங்கு. நாளுக்கு ஐந்து ரூபாய் ஆடும் பங்குக்கு ஸ்டாப் தூரம் பத்து ரூபாய். 200 பங்கு வாங்கலாம். எந்த ஸ்டாப் அடித்தாலும் நஷ்டம் அதே 2,000 ரூபாய், தரகும் வரியும் தனி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் ‘ஐந்நூறு பங்கு’ என்று முடிவெடுத்துவிட்டு, நஷ்டம் தாங்கும்படி ஸ்டாப்பை விலைக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கிறார்கள். ஸ்டாப் அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாங்கிய பிறகு இன்னொரு சபலம் வரும். விலை இறங்குகிறது, ஏ.டி.ஆர். 12.50-லிருந்து 16 ஆகிறது. புதுக் கணக்குப்படி ஸ்டாப் 456 என்று கீழே தள்ளத் தோன்றும். கூடாது. 2,000 ரூபாய் என்று போட்ட கணக்கு அந்த நிமிடமே 2,560 ஆகிவிடுகிறது. ஸ்டாப்பை மேலே மட்டுமே நகர்த்தலாம். பங்கு 540 வரை ஏறி, ஏ.டி.ஆர். 13 என்றால், அந்த உச்சத்திலிருந்து மூன்று மடங்கு கழித்து 501-இல் வைக்கலாம். வாங்கிய விலைக்கு மேலேயே ஸ்டாப் வந்துவிட்டது.

போனஸ், ஸ்ப்ளிட் வந்த பங்குகளில் ஒரு எச்சரிக்கை தேவை. பழைய விலைகளைத் திருத்தாத சார்ட்டில், ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நாள் விலை பாதியாக விழுந்ததுபோலத் தெரியும், ஏ.டி.ஆர். காரணமில்லாமல் ஊதிப்போகும். கோடு திடீரென எகிறினால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

463-இல் ஸ்டாப் போட்டால் 463-இல்தான் விற்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. மறுநாள் பங்கு 445-இல் திறந்தால், மார்க்கெட் விலையில் விற்கச் சொன்ன ஆர்டர் அங்கேதான் விற்கும். லிமிட் வைத்த ஆர்டர் விற்காமலே நிற்கலாம். லோயர் சர்க்யூட்டில் பூட்டிய பங்கை வாங்க ஆளே இருக்காது. இரண்டு மடங்கு ஏ.டி.ஆர். சாதாரண நாட்களுக்கான கணக்கு. பட்ஜெட், தேர்தல் முடிவு, காலாண்டு முடிவு ஆகியவற்றுக்கு முந்தைய மாலையில் பங்கின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே நல்லது. சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்று மாலையோடு காலாவதியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த நாள் காலை அதைத் திரும்பப் போட வேண்டும், அல்லது தரகர் தரும் ஜி.டி.டி. வசதியில் பதிந்து வைக்க வேண்டும்.