விடை தெரியாது, எல்லை தெரியும்

பள்ளிக்கூடத்தில் தொகையீடு என்றால் வாய்பாடு தேடும் வேலை. x² என்றால் x³/3, cos x என்றால் sin x. ஆனால் e^(-x²) என்று ஒரு சார்பு இருக்கிறது. புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைகோட்டின் உயிர் இதுதான். இதைத் தொகையிட நமக்குப் பழக்கமான சார்புகளை வைத்து எந்த வாய்பாடும் எழுத முடியாது. தேடிக் களைத்துப்போய்ச் சொல்வதல்ல இது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் லியூவில் வகுத்த கொள்கை கொண்டு நிரூபிக்கப்பட்டது.

சரி, 0 முதல் 1 வரை இந்த வளைகோட்டின் கீழே உள்ள பரப்பு எவ்வளவு? x = 0 என்றால் உயரம் 1. அங்கிருந்து இறங்கிக்கொண்டே வந்து, x = 1-இல் 0.368 ஆகிறது. ஆகவே வளைகோடு முழுவதும் 1 உயரமுள்ள செவ்வகத்துக்குள் அடங்கும், 0.368 உயரமுள்ள செவ்வகம் அதன் கீழே அடங்கும். இரண்டுக்கும் அகலம் 1. எனவே பரப்பு 0.368-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். யாராவது 1.05 என்று விடை கொண்டுவந்தால், வழிமுறையைப் பார்க்காமலே தப்பு என்று சொல்லிவிடலாம்.

இடைவெளி பெரிதுதான். நடுவில் வெட்டுவோம். x = 0.5-இல் உயரம் 0.779. முதல் பாதியில் பெரும மதிப்பு 1, சிறும மதிப்பு 0.779, மறுபாதியில் 0.779, 0.368. ஒவ்வொன்றையும் அகலம் 0.5-ஆல் பெருக்கிக் கூட்டினால் கீழெல்லை 0.573, மேலெல்லை 0.889. முன்பு 0.632 இருந்த இடைவெளி சரிபாதியாகிவிட்டது. இது தற்செயல் அல்ல. சார்பு இறங்கிக்கொண்டே போவதால், ஒரு துண்டின் சிறுமமே அடுத்த துண்டின் பெருமம். கழிக்கும்போது நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப்போய், முதல் உயரமும் கடைசி உயரமும்தான் மிஞ்சும். அதனால் n சம துண்டுகளுக்கு இடைவெளி 0.632/n. 64 துண்டு போட்டால் 0.01-க்கும் கீழே வந்துவிடும். உண்மை மதிப்பு ஏறக்குறைய 0.747.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. அதே சார்பை -1 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் உயரம் 0.368. முனைகளை மட்டும் பார்த்தால் கீழெல்லை, மேலெல்லை இரண்டுமே 0.736 என்று வரும். அதாவது பரப்பே அதுதான் என்றாகிவிடும்! உண்மையில் அது 1.494. உச்சம் நடுவில், x = 0-இல் ஒளிந்திருக்கிறது. வகையீடு பூச்சியமாகும் இடங்களையும் பார்த்த பிறகே பெருமம், சிறுமம் என்று பேச வேண்டும். அகலம் இப்போது 2 என்பதையும் மறக்கக்கூடாது: சரியான எல்லைகள் 0.736, 2.

பெருமமே இல்லாத சார்புகளும் உண்டு. 1/√x என்பது 0-ஐ நெருங்க நெருங்க வரம்பில்லாமல் உயரும். 0 முதல் 1 வரை அதன் பரப்பு என்னவோ வெறும் 2 தான். ஆனால் இந்த முறையில் அதற்குக் கீழெல்லை மட்டுமே கிடைக்கும். மேலெல்லை கிடைக்காது, எத்தனை துண்டு போட்டாலும் சரி. முதல் துண்டு எப்போதும் அடங்க மறுக்கும்.